49-ல் ஆறு: பின்னங்களைப் பெருக்குவதா, சேர்வுகளை எண்ணுவதா?

1 முதல் 49 வரை எண்கள். அதில் ஆறு எண்களை நாம் குறிக்கிறோம், குலுக்கலில் ஆறு பந்துகள் விழுகின்றன. ஆறும் பொருந்த எவ்வளவு வாய்ப்பு? கனடாவிலும் ஜெர்மனியிலும் ஓடுகிற பிரபலமான லாட்டரிகள் இந்த அமைப்பில்தான் இருக்கின்றன. பிரிட்டனின் தேசிய லாட்டரியும் 1994-ல் இப்படித்தான் தொடங்கியது.

இந்தக் கணக்கைப் போட இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு பந்தாகப் பார்த்துப் பின்னங்களைப் பெருக்கிக்கொண்டே போவது ஒன்று. மொத்தம் எத்தனை சேர்வுகள் சாத்தியம் என்று எண்ணிவிட்டு, நமக்கு வேண்டியவை அதில் எத்தனை என்று பார்ப்பது இன்னொன்று. மாணவர்களுக்குச் சொல்லித்தர ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தபோது நான் இரண்டாவதை எடுத்தேன். இன்றும் அதன் பக்கம்தான் நிற்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பின்னங்கள். முதல் பந்து விழும்போது 49 பந்துகளில் ஆறு நம்முடையவை. அதனால் 6/49. அது பொருந்திவிட்டால் மீதி 48 பந்துகளில் நம்முடையவை ஐந்து. இப்படியே போனால்:

6/49 × 5/48 × 4/47 × 3/46 × 2/45 × 1/44

பார்த்தவுடன் புரிகிறது, யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. இந்த வழியின் பெரிய பலம் அதுதான்.

இரண்டாவது வழியில், பந்துகள் விழும் வரிசையையும் சேர்த்து எண்ணினால் 49 × 48 × 47 × 46 × 45 × 44 விதங்கள் வரும். அதாவது 1,006 கோடிக்கும் மேல். ஆனால் 8 முதலில் வந்து 31 அடுத்து வந்தாலும், 31 முதலில் வந்து 8 அடுத்து வந்தாலும் சீட்டுக்கு ஒன்றுதான். ஆறு எண்களை 6 × 5 × 4 × 3 × 2 × 1 = 720 விதமாக வரிசைப்படுத்தலாம். எனவே ஒவ்வொரு சேர்வும் 720 முறை எண்ணப்பட்டிருக்கிறது. 720-ஆல் வகுத்துவிட்டால் வேலை முடிந்தது.

இதைக் கையாலேயே போட்டுவிடலாம். 48-ஐயும் 45-ஐயும் பெருக்கினால் 2,160. அதை 720-ஆல் வகுத்தால் 3. மீதி இருப்பது 49 × 3 × 47 × 46 × 44. 49 × 3 = 147. அதை 47-ஆல் பெருக்கினால் 6,909. 46-ஆல் பெருக்கினால் 3,17,814. கடைசியாக 44-ஆல் பெருக்கினால் 1,39,83,816. ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. நம் சீட்டு அதில் ஒன்று.

பின்னங்களின் வரிசையைத் திரும்பப் பாருங்கள். மேலே இருக்கிற 6, 5, 4, 3, 2, 1 எல்லாம் அதே 720-தான். கீழே இருப்பதும் அதே 1,006 கோடிதான். ஆக, முதல் பரிசுக்கு இரண்டு வழியும் ஒரே கணக்கு. வாரத்துக்கு இரண்டு குலுக்கல், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு என்று வாங்கினால் ஆண்டுக்கு 104 சீட்டுகள். ஒரு முறை முதல் பரிசு விழ சராசரியாகக் காத்திருக்க வேண்டியது ஏறத்தாழ 1,34,460 ஆண்டுகள். எந்த வழியில் போட்டாலும் இது மாறாது.

அப்புறம் எங்கேதான் வித்தியாசம்? கேள்வியைக் கொஞ்சம் மாற்றும்போது. என்னைப் பொறுத்தவரை தீர்மானமான இடம் இதுதான். லாட்டரி வாங்குகிறவர் அடிக்கடி பார்க்கிற பரிசு முதல் பரிசு இல்லை, மூன்று எண்கள் பொருந்துகிற சிறு பரிசு. அதன் வாய்ப்பு என்ன?

பின்ன வழியில் போகிறவர் எழுதுவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: 6/49 × 5/48 × 4/47 × 43/46 × 42/45 × 41/44. மூன்று பொருந்துகின்றன, மூன்று பொருந்தவில்லை, சரியாகத்தானே இருக்கிறது? விடை ஏறத்தாழ 1,133-ல் ஒன்று. ஆனால் உண்மையான விடை ஏறத்தாழ 57-ல் ஒன்று. இருபது மடங்கு விலகல். காரணம், எழுதிய பெருக்கல் ஒரே ஒரு வரிசையைத்தான் சொல்கிறது: முதல் மூன்று பந்துகள் நம்முடையவை, கடைசி மூன்று பிறருடையவை. நம்முடைய மூன்றும் இரண்டாவது, நான்காவது, ஆறாவது பந்துகளாகவும் விழலாமே. ஆறு இடங்களில் எந்த மூன்று என்பதற்கு 20 விதங்கள் உண்டு. அந்த இருபதால் பெருக்க வேண்டும். பெருக்கினால் சரியான விடை வந்துவிடும். ஆனால் பெருக்க வேண்டும் என்று பின்னங்கள் தாமாகச் சொல்வதில்லை. முதல் பரிசுக் கணக்கில் எல்லா இடமும் நம்முடையவை, அதனால் அங்கே இந்தப் பெருக்கல் தேவைப்படவே இல்லை. அங்கே பழகிய கை இங்கேயும் அப்படியே எழுதிவிடுகிறது.

எண்ணும் வழியில் இந்தக் கேள்வி வேறு உருவம் எடுக்கிறது. நம்முடைய ஆறிலிருந்து மூன்று எண்களை எடு. அதற்கு 20 விதம். நாம் குறிக்காத 43-லிருந்து மூன்று எண்களை எடு. அதற்கு 43 × 42 × 41 / 6 = 12,341 விதம். இரண்டையும் பெருக்கினால் 2,46,820 சேர்வுகள். மொத்தச் சேர்வுகளை இதனால் வகுத்தால் 56.66. வரிசை என்ற பேச்சே எழவில்லை, அதனால் மறந்துபோகவும் வாய்ப்பில்லை.

இன்னொரு நன்மையும் உண்டு, எனக்கு அதுதான் பெரியதாகத் தெரிகிறது. எண்ணும் வழியில் விடையைச் சரிபார்க்க முடியும். எந்தக் குலுக்கலிலும் நம் சீட்டில் பூஜ்யத்திலிருந்து ஆறு வரை ஏதாவது ஒரு எண்ணிக்கை பொருந்தியே ஆக வேண்டும். எனவே எல்லாப் பிரிவுகளையும் கூட்டினால் மொத்தச் சேர்வுகள் வர வேண்டும்:

ஒன்றும் பொருந்தாதவை: 60,96,454
ஒன்று பொருந்துபவை: 57,75,588
இரண்டு: 18,51,150
மூன்று: 2,46,820
நான்கு: 13,545
ஐந்து: 258
ஆறு: 1

கூட்டிப் பாருங்கள், 1,39,83,816 பிசகாமல் வரும். எல்லாம் முழு எண்கள் என்பதால் ஒன்று குறைந்தாலும் கண்ணில் பட்டுவிடும். பின்ன வழிக்காரரும் தன் ஏழு விடைகளைக் கூட்டி 1 வருகிறதா என்று பார்க்கலாம். வரிசைகளின் எண்ணிக்கையால் பெருக்க மறந்திருந்தால் கூட்டுத்தொகை 51 சதவீதத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். தவறு எங்கே என்று அதிலிருந்து தெரியாது, தவறு இருக்கிறது என்று தெரியும்.

பட்டியலில் முதல் இரண்டு வரிகளைப் பார்த்தாலே லாட்டரியைப் பற்றி நிறையத் தெரிந்துவிடுகிறது. நூறு குலுக்கல்களில் சராசரியாக 85 முறை நமக்கு ஒன்று பொருந்தும் அல்லது ஒன்றுமே பொருந்தாது. நான்கு பொருந்துவது 1,032-ல் ஒன்று, ஐந்து பொருந்துவது 54,201-ல் ஒன்று. ஐந்திலிருந்து ஆறுக்குப் போக ஒரே ஒரு எண்தான் பாக்கி என்று மனசு சொல்லும். ஆனால் அந்த ஒரு எண்ணுக்கு இடைவெளி 258 மடங்கு. ஐந்து சரியாக வந்தவர் 'மயிரிழையில் தப்பியது' என்று நினைப்பது இயல்பு. சேர்வுகளின் கணக்கு அவர் நின்ற இடம் அவ்வளவு பக்கமில்லை என்று காட்டுகிறது.

போனஸ் பந்து உள்ள லாட்டரிகளில் அந்த 258-ஐயும் பிரித்துவிடலாம். போனஸ் என்பது ஆறு பந்துகளுக்குப் பிறகு மீதி 43-லிருந்து எடுக்கப்படும் ஏழாவது பந்து. ஐந்து எண்களும் போனஸும் பொருந்த வேண்டுமானால், ஆறு வெற்றி எண்களில் ஒன்றை விட்டுவிட்டு அதன் இடத்தில் போனஸ் எண்ணை வைத்திருக்க வேண்டும். எதை விடுவது என்பதற்கு ஆறு விதம். ஆக 258-ல் 6 போனஸோடு, 252 போனஸ் இல்லாமல். முதலாவதற்கு வாய்ப்பு 23,30,636-ல் ஒன்று. ஒரு வரியில் முடிகிறது.

கணினியிடம் விட்டுவிடலாமே என்பது மூன்றாவது வழி. மொத்தத்தை மட்டும் கேட்டால் பைத்தானில் இவ்வளவுதான்:

```python
from math import comb
print(comb(49, 6))
```

இது எண்ணும் வழிதான், கையெழுத்து மட்டும் கணினியுடையது. ஆனால் குலுக்கலையே நடத்திப் பார்த்து வாய்ப்பைக் கண்டுபிடிக்கிறேன் என்றால், மூன்று பொருந்துவதற்கு அது அழகாக வேலை செய்யும், முதல் பரிசுக்குச் செய்யாது. ஒரு கோடி போலிக் குலுக்கல்கள் நடத்தினாலும், ஒரு முறைகூட ஆறும் பொருந்தாமல் போக ஏறத்தாழ 49 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அப்போது கணினி காட்டும் விடை பூஜ்யம்.

எண்ணும் வழியின் பலம் முழுசாகத் தெரிகிற கேள்வி ஒன்றைச் சொல்கிறேன். வெற்றி எண்களில் 17, 18 போல அடுத்தடுத்த எண்கள் இருக்க எவ்வளவு வாய்ப்பு? பலரும் அது அபூர்வம் என்று நினைத்து அப்படிக் குறிப்பதைத் தவிர்க்கிறார்கள். பின்னங்களை வைத்து இதற்குள் நுழைந்தால் கிளைக்குள் கிளையாக விரியும். ஒவ்வொரு பந்தும் முன்பு விழுந்த பந்துகளுக்குப் பக்கத்திலா, ஓரத்திலா என்று பார்த்தாக வேண்டும்.

எண்ணும் வழியில் அடுத்தடுத்த எண்களே இல்லாத ஒரு சேர்வை எடுத்துச் சிறியதிலிருந்து பெரியதாக எழுதுங்கள். உதாரணமாக 4, 9, 17, 26, 33, 49. இவற்றிலிருந்து முறையே 0, 1, 2, 3, 4, 5 கழியுங்கள்: 4, 8, 15, 23, 29, 44. பக்கத்துப் பக்கத்து எண்களுக்கிடையே குறைந்தது 2 இடைவெளி இருந்தது, கழித்த பின் குறைந்தது 1 இருக்கும். எனவே கிடைப்பது 1 முதல் 44 வரையிலான ஆறு வெவ்வேறு எண்கள். திரும்பக் கூட்டினால் பழைய சேர்வு அப்படியே வந்துவிடும், ஒன்றுக்கு ஒன்று. ஆகவே அடுத்தடுத்த எண்கள் இல்லாத சேர்வுகள், 44-லிருந்து ஆறு எடுக்கும் விதங்களுக்குச் சமம்: 70,59,052. மீதி 69,24,764 சேர்வுகளில் குறைந்தது ஒரு ஜோடியாவது அடுத்தடுத்து இருக்கும். மொத்தத்தில் 49.5 சதவீதம், கிட்டத்தட்ட பாதி. இதற்காக ஒருவர் தன் சீட்டை மாற்றத் தேவையில்லை, ஒவ்வொரு தனிச் சேர்வுக்கும் வாய்ப்பு அதே 1,39,83,816-ல் ஒன்றுதான்.

பின்ன வழியை நான் முழுக்க ஒதுக்கவில்லை. குலுக்கல் பாதியில் இருக்கும்போது அதைவிட நல்ல வழி இல்லை. முதல் மூன்று பந்துகளும் பொருந்திவிட்டன என்று வைத்துக்கொள்வோம். இனி வேண்டியது 3/46 × 2/45 × 1/44. எந்த இடங்களில் பொருந்தின என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் வரிசைச் சிக்கல் இங்கே எழாது. விடை 15,180-ல் ஒன்று. நான்காவதும் பொருந்தினால் 990-ல் ஒன்று, ஐந்தாவதும் பொருந்தினால் 44-ல் ஒன்று. ஒவ்வொரு பந்து விழும்போதும் வாய்ப்பு எப்படி நகர்கிறது என்பதைச் சேர்வுகளின் பட்டியல் இவ்வளவு நேராகக் காட்டாது.