பில் போனதா, போகவில்லையா: மலையகக் கடைகளில் ஒரு பில்லிங் மென்பொருளோடு பட்ட அனுபவம்

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற காலத்தில்தான் பழைய முறையைக் கைவிட்டோம். ஹட்டனில் தலைமைக் கடை, மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவையில் கிளைகள். பலசரக்கும் கொஞ்சம் இரும்புச் சாமானும் விற்கிறோம். கணக்கு என் பொறுப்பு. அதுவரை கிளைக் கணினிகள் ஹட்டன் சேர்வரோடு நேரடியாக இணைந்திருந்தன. இணையம் நின்றால் பில் நின்றுவிடும். ரௌட்டருக்கு யுபிஎஸ் வாங்கி வைத்தோம். கொஞ்ச நேரத்தில் மலை உச்சியில் இருக்கும் கோபுரத்தின் பற்றரியே தீர்ந்துபோகும்; எங்கள் ரௌட்டரில் விளக்கு எரிந்து என்ன பயன்?

புதிய மென்பொருள் வேறு விதமானது. பில் முதலில் கவுண்டர் கணினியிலேயே பதிவாகிறது. அதே பதிவோடு ‘அனுப்ப வேண்டியவை’ என்ற வரிசையிலும் சேர்கிறது. இரண்டும் ஒரே மூச்சில் நடப்பதால் பாதியில் மின்சாரம் போனாலும் ஒன்று இருந்து மற்றது இல்லாத நிலை வராது. இணையம் திரும்பியதும் ஐம்பது ஐம்பதாக ஹட்டனுக்கு அனுப்பும். ஹட்டன் ‘கிடைத்தது’ என்று ஒப்புகை சொன்னால்தான் வரிசையிலிருந்து நீக்கும். திரையின் மூலையில் `Pending: 0` என்று வந்தால் எல்லாம் போய்ச் சேர்ந்தது என்று பொருள். அப்படித்தான் முதல் சில மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாடிக்கையாளர் காத்திருக்காமல் பில் போடுவதில் இன்றுவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. தோட்டத்துச் சம்பள நாளில் லயங்களிலிருந்து வரும் கூட்டத்தை இணையமே இல்லாமல் சமாளித்திருக்கிறோம். சிக்கலெல்லாம் இணையம் திரும்பி வந்த பிறகுதான்.

ஒரு சம்பள நாளில் மஸ்கெலியாவில் காலை 11.20க்கு இணைப்பு போய் மாலை 5.40க்கு வந்தது. முதலாம் கவுண்டரில் அதற்குள் 188 பில்கள், 612,450 ரூபா. இரவு ஹட்டன் கணக்கில் பார்த்தால் 238 பில்கள், 781,900 ரூபா. “அண்ணா, பெட்டியில் காசு சரியாகத்தான் இருக்கிறது, ஒரு ரூபா கூடக் குறையவில்லை” என்று கிளைத் தம்பி சத்தியம் செய்கிறான். முதலாளிக்கோ 169,450 ரூபா எங்கே போனது என்ற கேள்வி. பில்களை அச்சிட்டு வரிசையாக அடுக்கியபோதுதான் கண்ணில் பட்டது: மூன்றாவது கட்டில் இருந்த ஐம்பது பில்களும் இரண்டு முறை வந்திருந்தன. பணம் எங்கும் போகவில்லை, இல்லாத விற்பனையே கணக்கில் ஏறியிருந்தது. ஆனால் அதே கணக்கில் 140 கிலோ கோதுமை மாவும் இரண்டாம் முறை கழிந்து, மா குறைந்துவிட்டதென்று அடுத்த லொறியில் கூடுதல் மூட்டைகள் போய் இறங்கிவிட்டன.

நடந்தது இதுதான். மூன்றாவது கட்டு ஹட்டனுக்கு வந்து பதிவாகிவிட்டது. ஒப்புகை திரும்பிப் போகும் வழியில் இணைப்பு அறுந்தது. கவுண்டர் முப்பது விநாடி காத்திருந்துவிட்டுப் போகவில்லை போலும் என்று மீண்டும் அனுப்பியது. பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை தொலைந்தால் அனுப்பியவருக்குத் தபால் போனதா இல்லையா என்று தெரியாதல்லவா, அதே நிலைதான். மென்பொருள்காரர்கள் காத்திருக்கும் நேரத்தை இரண்டு நிமிடமாக்கித் தந்தார்கள். அதனால் பயனில்லை, எவ்வளவு காத்திருந்தாலும் அட்டை வராவிட்டால் சந்தேகம் சந்தேகம்தான். சந்தேகம் வந்தால் மறுபடி அனுப்பத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பில் தொலையும். வந்தது பழையதா புதியதா என்று பெறுகிறவர்தான் அடையாளம் காண வேண்டும்.

எங்கள் மென்பொருளால் அது முடியவில்லை. ஏனென்றால் பில்லுக்கு இலக்கம் போட்டது ஹட்டன் சேர்வர். ஒரே பில் இரண்டு முறை வந்தால் இரண்டு இலக்கம். நான்கு மாதச் சண்டைக்குப் பிறகு இலக்கம் கவுண்டரிலேயே பிறக்கும்படி மாற்றினார்கள்: கிளை, கவுண்டர், தொடர் இலக்கம். இந்த மூன்றும் சேர்ந்து ஏற்கெனவே இருந்தால் ஹட்டன் மீண்டும் பதியாது, ஒப்புகை மட்டும் கொடுக்கும்.

```sql
INSERT INTO bills (branch, counter_no, serial, total)
VALUES ('MSK', 1, 4311, 2840.00)
ON CONFLICT (branch, counter_no, serial) DO NOTHING;
```

தொடர் இலக்கத்தால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. இடையில் பில் விடுபட்டால் இலக்கம் தாண்டும், உடனே தெரியும். அதற்காக இரத்துச் செய்த பில்லையும் அழிக்காமல் அதே இலக்கத்தோடு அனுப்பச் சொன்னோம். ஆனால் கடைசிப் பில்கள் வராமல் நின்றால் இந்தச் சோதனை காட்டாது. 4398 வரை போட்டுவிட்டு 4380 வரைதான் வந்திருந்தால் ஹட்டனுக்கு 4380தான் கடைசி. அதனால் இரவு மூடும்போது கடைசி இலக்கத்தையும் நாளின் மொத்தத்தையும் கிளைகள் தொலைபேசியில் சொல்ல வேண்டும். இதை வேண்டாத வேலை என்று கிளைகளில் முணுமுணுத்தார்கள்.

அந்த வேண்டாத வேலைதான் அடுத்த முறை காப்பாற்றியது. நோர்வூட்டில் ஒரு கவுண்டரின் வன்தட்டு செத்தது. வேறு கணினியில் நான்கு நாள் பழைய காப்புப் பிரதியைப் போட்டுக் கொடுத்தார்கள். கடை ஓடியது, `Pending: 0` என்று திரையும் சிரித்தது. ஆனால் தொடர் இலக்கம் 9640 இல் இருந்து 9112க்குப் பின்வாங்கியிருந்தது. புதிய பில்கள் 9113, 9114 என்று போயின. ஹட்டனிடம் அந்த இலக்கங்கள் ஏற்கெனவே இருந்தன. பழைய பில் மறுபடி வருகிறதென்று நினைத்து, ஒப்புகையும் கொடுத்து, ஒவ்வொன்றையும் சத்தமில்லாமல் தூக்கியெறிந்தது. இலக்கச் சோதனையில் ஒரு இடைவெளியும் இல்லை. இரட்டிப்பைத் தடுக்கப் போட்ட பூட்டே உண்மையான விற்பனையை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது. முதல் இரவு அழைப்பைத் தவறவிட்டார்கள். இரண்டாம் இரவு கிளை சொன்ன கடைசி இலக்கம் ஹட்டனில் உள்ளதைவிடச் சிறிதாக இருந்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

பில்கள் கவுண்டரில் இருந்ததால் மீட்டுவிட்டோம். இப்போது இரண்டு விதிகள். கணினியோ வன்தட்டோ மாறினால் பழைய கவுண்டர் இலக்கம் ஓய்வு பெறும். நோர்வூட்டின் அந்தக் கவுண்டர் இன்று 7. இலக்கம் ஒன்றாக இருந்து தொகையோ நேரமோ வேறாக இருந்தால் ஹட்டன் அதைத் தள்ளாமல் தனிப் பட்டியலில் வைத்துச் சிவப்பில் காட்டும். இதை நீங்கள் வாங்கும் மென்பொருளிலும் கேட்டுப் பாருங்கள். விற்க வருபவர் விழித்தால் வாங்காதீர்கள். அனுப்பாமல் இருந்த பில்களோடு வன்தட்டு செத்தால் மட்டும் எந்த விதியும் உதவாது. அதற்குக் கவுண்டரில் இரண்டாவது வட்டு ஒன்று செருகி வைத்திருக்கிறோம்.

சிறு குறைகளும் உண்டு. கணினிக்குள் இருக்கும் நாணயப் பற்றரி தீர்ந்தால் திகதி பல வருடம் பின்னால் போய்விடும். பில் எந்த நாளில் விழுந்ததென்று தேட வேண்டும்.

தீராத ஒன்று கடன் கணக்கு. ஒரு குத்தகைக்காரருக்கு 50,000 ரூபா எல்லை வைத்திருந்தோம். இணையம் இல்லாத ஒரு நாளில் மஸ்கெலியாவில் 42,000க்கும் நோர்வூட்டில் 38,000க்கும் சாமான் எடுத்தார். இரண்டு கவுண்டர்களும் தமக்குத் தெரிந்தவரை சரியாகத்தான் நடந்தன. அதன் பிறகு இணைப்பு இல்லாத வேளைக்கு ஒவ்வொரு கிளைக்கும் 15,000 ரூபா என்று தனி எல்லை போட்டிருக்கிறோம். அதற்கு மேல் வேண்டுமென்றால் பொறுப்பாளர் ஹட்டனுக்குத் தொலைபேசியில் கேட்க வேண்டும். தொலைபேசியும் இல்லாத நாளில் அவர் கேட்பது முதலாளியின் தம்பியை, அவர் கடைக்கு எதிர்வீட்டில் இருக்கிறார்.