வேலை விளம்பரப் படத்தை அரபுக்கு மாற்றுதல்: சில வருடப் பயன்பாட்டில் கண்டவை

ஜேர்மனியின் ரூர் பகுதியில், நாங்கள் இருக்கும் நகரத்தில், தொழிலாளர் வேலைகளுக்கான விளம்பரங்கள் இன்னும் நிறையக் கடதாசியில்தான் வருகின்றன. பேக்கரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும், கடை அறிவித்தல் பலகையில் குத்தியிருக்கும். 2015க்குப் பிறகு சிரியாவிலிருந்து வந்து எங்கள் தெருவில் குடியேறியவர்கள் அவற்றைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவார்கள். நான் போனில் உள்ள கேமரா மொழிபெயர்ப்புச் செயலிகளை வைத்து அரபுக்கு மாற்றிக் கொடுப்பேன். எனக்கு ஜேர்மன் நன்றாகத் தெரியும். அரபு எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்குத்தான் தெரியும்.

சில வருடங்களாக இதைச் செய்துவருகிறேன். விளம்பரம் எதைப் பற்றியது, என்ன மாதிரி வேலை என்று அறிய இந்தச் செயலிகள் தாராளமாகப் போதும். சம்பளம், வேலை நேரம், கேட்கும் பத்திரங்கள் ஆகிய மூன்றுக்கும் போதாது. ஒருவர் வேலைக்குப் போவதா இல்லையா என்று முடிவெடுப்பதோ இந்த மூன்றையும் பார்த்துத்தான்.

அண்மையில் வந்த ஒரு பேக்கரி விளம்பரத்தையே எடுத்துக்கொள்கிறேன். உற்பத்திப் பிரிவுக்கு உதவியாளர் தேவை. கிழமைக்கு 38,5 மணித்தியாலம். அதிகாலையும் இரவும் மாறி மாறி வரும் ஷிப்ட், 6-14 அல்லது 22-6. மணித்தியாலத்துக்கு மேலதிகக் கொடுப்பனவுகள் உட்பட 17,50 யூரோ வரை, புறுட்டோ, அதாவது பிடிப்புகளுக்கு முந்திய தொகை. சுகாதாரச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், வேலை அனுமதி தேவை. அவ்வளவுதான் விளம்பரம். அனுப்பிய சிரிய நண்பர் அங்கே அலெப்போ என்ற ஹலப் நகரில் இனிப்புக்கடையில் வேலை செய்தவர். கை வேலை தெரிந்தவர் என்பதால் இந்த இடம் அவருக்குப் பொருந்தும் என்று பார்த்தவுடனேயே எனக்குத் தோன்றியது.

முதலில் படம். செயலியில் இரண்டு வழி இருக்கும். ஒன்று, படத்தின் மேலேயே அரபு எழுத்தை ஒட்டிக் காட்டுவது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதை நம்பி எதையும் அனுப்புவதை விட்டுவிட்டேன். இரண்டு நிரலில் அச்சடித்த விளம்பரத்தில் இடது பக்க வேலையின் சம்பளத்தை வலது பக்க வேலையின் நேரத்தோடு ஒரே வரியாகச் சேர்த்துவிடும். கீழே சின்ன எழுத்தில் இருப்பது பல தடவை வரவே வராது. மற்ற வழி, படத்திலிருந்து ஜேர்மன் எழுத்தை மட்டும் தனியே எடுத்து, அதைச் சரிபார்த்து, பிறகு மொழிபெயர்ப்பது. கொஞ்சம் நேரம் எடுத்தாலும் இதுதான் சரி.

எழுத்தை எடுத்தவுடன் இலக்கங்களைத்தான் முதலில் பார்ப்பேன். ஜேர்மனில் தசமத்துக்குக் கமா போடுவார்கள். கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கடதாசியைப் படம் எடுத்தால் வெளிச்சம் பட்டு அந்தக் கமா மறைந்து, 17,50 என்பது 1750 ஆகிவிடும். அப்போது பார்ப்பவர் அதை மாதச் சம்பளம் என்றே நினைப்பார், ஏனென்றால் அப்படியும் ஒரு சம்பளம் இருக்கக்கூடியதுதான். அடுத்தது வரி முடிவில் உடைபட்ட சொற்கள். ஜேர்மனில் நீண்ட கூட்டுச்சொல்லைக் கோடு போட்டு அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள். செயலி இரண்டு துண்டையும் தனித்தனிச் சொல்லாக எடுத்துக்கொண்டு பொருளில்லாத அரபைத் தரும். அந்த இடங்களைக் கையால் ஒட்டிவிட வேண்டும். படம் எடுக்கும்போதே ஃபிளாஷ் இல்லாமல், நேராக நின்று, பகுதி பகுதியாக எடுக்கச் சொன்னால் இந்த வேலையில் பெரும்பகுதி மிச்சம்.

இனி வேலை நேரம். எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். அரபு வலமிருந்து இடமாக ஓடும், ஆனால் இலக்கங்கள் இடமிருந்து வலமாகவே நிற்கும். இரண்டு இலக்கங்களுக்கு நடுவில் ஒரு கோடு வந்தால், எது வலப்பக்கம் நிற்கும் என்பது அதற்கு முன்னால் அரபு எழுத்து இருக்கிறதா, எந்த வகைக் கோடு, இடைவெளி விட்டதா என்பதையெல்லாம் பொறுத்தது. அதனால் 22-6 என்று போனது ஒரு செய்தியில் அப்படியே தெரியும், இன்னொன்றில் 6-22 என்று தெரியும். வாசிப்பவரும் இலக்கங்களை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று ஊகிக்கத்தான் வேண்டும். இந்த பேக்கரி விளம்பரத்தைச் செயலி தந்தபடியே நண்பரிடம் காட்டி, விளங்கியதைச் சொல்லச் சொன்னேன். காலை 6 மணிக்கும் இரவு 10 மணிக்கும் இடையில் ஏதோ ஒரு ஷிப்ட், இரவு வேலை இல்லை என்றார். அவருக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், மனைவி மாலையில் மொழி வகுப்புக்குப் போகிறார். இரவு வேலை உண்டா இல்லையா என்பதுதான் அவருக்கு முதல் கேள்வி.

ஆகவே கோடு போடுவதையே நிறுத்திவிட்டேன். அரபில் 'மின்' என்றால் 'இருந்து', 'இலா' என்றால் 'வரை'. இரவு 10 மணியிலிருந்து மறுநாள் காலை 6 மணி வரை என்று முழுச் சொல்லாக எழுதி, காலை, மதியம், இரவு என்பதையும் சேர்த்துவிடுவேன். இருபத்திநாலு மணிக் கணக்கையும் தவிர்த்துவிடுவேன். எந்தப் போனில் திறந்தாலும் அது ஒரே பொருள்தான் தரும். மாறி மாறி வரும் ஷிப்ட் என்பதையும் ஒரு சொல்லில் விடாமல், ஒரு கிழமை அதிகாலை, அடுத்த கிழமை இரவு என்று விரித்து எழுத வேண்டும். ஆனால் எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாறும் என்று விளம்பரத்தில் பெரும்பாலும் இருக்காது. அதைத் தொலைபேசியில் கேட்டுத்தான் எழுத வேண்டும். தனியே நிற்கும் சொற்களில் இன்னொரு தொல்லை உண்டு. ஷிப்டுக்கான ஜேர்மன் சொல்லுக்குப் படை, அடுக்கு என்றும் பொருள் இருப்பதால், முழு வசனம் இல்லாத இடத்தில் செயலி 'மூன்று ஷிப்ட்' என்பதை 'மூன்று அடுக்கு' என்று மாற்றிவிடும்.

சம்பளத்துக்கு வருவோம். புறுட்டோவும் நெட்டோவும் பிரச்சினை இல்லை. பிடிப்புக்கு முந்தியது, கைக்கு வருவது என்ற வேறுபாட்டைச் செயலி சரியாகவே தருகிறது. கவனிக்க வேண்டியது 'உட்பட', 'வரை' என்ற இரண்டு சின்னச் சொற்கள். செயலி அவற்றை மொழிபெயர்த்துவிடும், ஆனால் அரபு வசனத்தின் வால்பகுதியில் போய் நிற்கும். வாசிப்பவர் கண்ணில் படுவது 17,50 மட்டும்தான்.

அந்த விளம்பரத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். மேலதிகக் கொடுப்பனவு உட்பட அதிகபட்சம் 17,50 என்றால் அது இரவு மணித்தியாலத்துக்கான தொகையாகத்தான் இருக்கும். இரவு வேலைக்கு வழக்கமாகக் கொடுக்கும் கூடுதல் 25 வீதம் என்று வைத்தால், 17,50ஐ 1,25ஆல் பிரிக்க 14 யூரோ வருகிறது. அதுதான் அடிப்படைச் சம்பளமாக இருக்கலாம். 2026 ஜனவரியிலிருந்து சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 13,90. இரவுக் கூடுதலைச் சேர்த்து அந்த எல்லையை எட்டிக் காட்டவும் முடியாது, அடிப்படையே அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆகவே 14 என்பது பொருந்துகிறது. கிழமைக்கு 38,5 மணித்தியாலத்தை 13ஆல் பெருக்கி 3ஆல் பிரித்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 167 மணித்தியாலம். எல்லாவற்றுக்கும் 17,50 என்று நினைத்தால் மாதம் 2,900 யூரோவுக்கு மேல் தெரிகிறது. பாதி இரவு, பாதி அதிகாலை என்றால் 2,600 சொச்சம். இரவு வேலை வேண்டாம் என்று அதிகாலை மட்டும் செய்தால் 2,300 சொச்சம். எல்லாம் புறுட்டோவில்.

நண்பரின் சார்பில் நான் பேக்கரிக்குத் தொலைபேசி எடுத்தபோது, அடிப்படை 14 என்றே சொன்னார்கள். ஷிப்ட் கிழமைக்குக் கிழமை மாறும், அதிகாலை மட்டும் தர முடியாது என்றும் சொன்னார்கள். அரபுச் செய்தியில் மூன்று தொகையையும் மூன்று வரியாக எழுதி, இரண்டாவதுதான் உங்களுக்கு வரும் என்று குறித்து அனுப்பினேன்.

இலக்கங்கள் பற்றி இன்னொன்று. சில செயலிகள் இலக்கங்களைச் சிரியா, எகிப்துப் பக்கம் புழங்கும் அரபு இலக்கங்களாக மாற்றிவிடும். அதில் பூச்சியம் ஒரு புள்ளி, ஐந்து ஒரு சின்ன வட்டம். சரிபார்க்கும் எங்கள் கண்ணுக்கு ஐந்து பூச்சியமாகவே தெரியும். இங்குள்ளவர்கள் நாங்கள் பாவிக்கும் இலக்கங்களையும் நன்றாக வாசிப்பார்கள். அதனால் தொகை, தொலைபேசி எண் இரண்டையும் விளம்பரத்தில் உள்ளபடியே திரும்பத் தட்டச்சு செய்துவிடுவது நல்லது.

கடைசியாகப் பத்திரங்கள். இங்கே மொழிபெயர்ப்பு சரியாகவே இருக்கும், ஆனால் ஆளைத் தவறான இடத்துக்கு அனுப்பும். சுகாதாரச் சான்றிதழ் என்று அரபில் வாசித்தால் யாரும் வைத்தியரிடம்தான் போவார்கள். உணவு தொடர்பான வேலைக்கு இங்கே கேட்பது தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் 43ஆவது பிரிவின்படி சுகாதார அலுவலகம் கொடுக்கும் அறிவுறுத்தலுக்கான சான்று. அதற்கு மருத்துவப் பரிசோதனை இல்லை. முதன்முறை வேலைக்குச் சேரும்போது அது மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது என்பதால், வேலை உறுதியாகும் முன்பே அவசரப்பட்டு எடுத்து வைப்பதும் பயனில்லை.

நன்னடத்தைச் சான்றிதழும் அப்படித்தான். சிரியாவில் 'லா ஹுக்ம் அலைஹி' என்று ஒரு பத்திரம் உண்டு, குற்றத் தீர்ப்பு ஏதும் இல்லை என்பதற்கு. நண்பர் உடனே அதைத்தான் நினைத்தார். ஊரிலிருந்து யாரைப் பிடித்து எடுப்பது என்று கவலைப்படத் தொடங்கிவிட்டார். இங்கே கேட்பது ஜேர்மன் குற்றப் பதிவேட்டிலிருந்து எடுப்பது. நகர அலுவலகத்தில் அடையாள அட்டையோடு போய் 13 யூரோ கட்டி விண்ணப்பித்தால் தபாலில் வரும். வேலை அனுமதியும் தனிக் கடதாசி அல்ல. அகதியாக அங்கீகரிக்கப்பட்டவரின் வதிவிட அனுமதியிலேயே, தொழில் செய்ய அனுமதி உண்டு என்று ஒரு வரி இருக்கும். அதன் பிரதியைக் கொடுத்தால் போதும்.

அதனால் பத்திரங்களின் பெயரை அரபில் மட்டும் எழுதுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஜேர்மன் சொல்லை அப்படியே தனி வரியில் வைத்து, அதன் கீழே எந்த அலுவலகம், என்ன கொண்டுபோவது, எவ்வளவு காசு என்று அரபில் ஒரு வசனம் எழுதுவேன். ஜேர்மன் சொல் அரபு வசனத்துக்கு நடுவில் வந்தால் வரிசை குழம்பும், ஆகவே தனி வரி கட்டாயம். நகர அலுவலகத்தில் போனை நீட்டிக் காட்டினால் அங்கிருப்பவர் வாசிக்கக்கூடியதும் அந்த வரிதான்.

எழுதி முடித்த அரபை வேறொரு செயலியில் போட்டு ஜேர்மனுக்குத் திருப்பிப் பார்ப்பேன். அது பெரிய பிழைகளைக் காட்டும், ஆனால் மேலே சொன்ன நேரக் குழப்பத்தைக் காட்டாது, ஏனென்றால் செயலிக்குள் இலக்கங்கள் சரியான வரிசையில்தான் இருக்கின்றன, திரையில்தான் மாறுகின்றன. அதற்கு வாசித்தவரையே கேட்பதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் போவீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், மாதம் எவ்வளவு, நாளைக்கு எந்த அலுவலகத்துக்குப் போகிறீர்கள் என்று கேட்பேன். பதில் விளம்பரத்தோடு ஒத்துவந்த பிறகே விண்ணப்பம் எழுதத் தொடங்குவோம்.