சீலையை மாற்றலாம், மடிப்பை மாற்றக் கூடாது: வரவேற்பறைப் படத்தில் மூன்று வழிகள்

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு. வரவேற்பறையில் 6 அடி அகல யன்னல், அதில் வெளிர் கிறீம் நிறத்தில் வெறுந் திரைச்சீலை. அந்த அறையின் புகைப்படத்தில், சீலையின் மீது 2 அடிக்கு ஒரு முறை திரும்ப வரும் பெரிய பூ வடிவத்தைப் போட்டுக் காட்டும்படி வாடிக்கையாளர் கேட்கிறார். இதற்குப் பொதுவாகக் கையாளப்படும் மூன்று வழிகளும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும், துணியைப் பற்றி அவை சொல்லும் செய்தி ஒன்றல்ல.

முதலாவது, போட்டோஷொப்பில் Displace வடிகட்டியையும் Multiply கலப்பையும் சேர்த்துச் செய்வது. பழைய சீலையின் நிறத்தை நீக்கி, Levels கொண்டு அதன் வெளிச்சமான பகுதியை ஏறக்குறைய வெள்ளையாக்கினால், மடிப்புகளின் நிழல் மட்டும் எஞ்சும். அதை Multiply மூலம் புதிய துணியின் மேல் இட்டதும் நிழல் பொருந்திவிடும். பின்னர் அதே சாம்பல் படத்தைச் சற்று மங்கலாக்கி Displace வடிகட்டிக்குக் கொடுத்தால், கறுப்புப் பக்கம் ஒரு திசையிலும் வெள்ளைப் பக்கம் எதிர்த்திசையிலுமாக வடிவம் நகர்கிறது, நடுச்சாம்பல் நகராது. மங்கலாக்காமல் விட்டால் நெசவின் சொரசொரப்பையும் அது மடிப்பாகக் கருதிக் கோடுகளைப் பிசிறாக்கிவிடும்.

குஷனுக்கு இந்த வழி நன்றாகவே போதும். குஷன் உறை இழுத்துப் போர்த்தப்பட்டது. அதில் மறைந்து கிடக்கும் துணி மிகக் குறைவு. முதலில் வளைவுக்கேற்ப Warp செய்து, ஓரத் தையலை அப்படியே விட்டு, சிறிய அளவில் Displace கொடுத்தால் மூலைச் சுருக்கங்களும் நம்பும்படி அமையும்.

சீலைக்கு இது பொய் சொல்கிறது. 6 அடி யன்னலுக்கு இரு மடங்கு துணி வைத்துத் தைத்தால், 12 அடித் துணி அங்கே மடிந்து தொங்குகிறது என்று பொருள். படத்தில் சீலையின் அகலம் 900 பிக்சல், அதாவது அடிக்கு 150 பிக்சல் என்று கொள்வோம். தட்டையாக ஒட்டினால் 300 பிக்சலுக்கு ஒன்றாக மூன்று முழுப் பூக்கள் தெரியும். உண்மையில் அங்கே ஆறு பூக்கள், ஒவ்வொன்றின் ஒரு பகுதி மடிப்புக்குள் மறைந்தபடி இருக்க வேண்டும். Displace அளவை 10 என்று வைத்தால் வடிவம் அதிகபட்சம் ஏறத்தாழ 13 பிக்சலே நகரும். மறைந்த 6 அடித் துணியை அதனால் ஈடுசெய்ய முடியாது. துணியை முன்கூட்டியே பாதியாகக் குறுக்கி ஒட்டுவோரும் உண்டு. அப்போது எண்ணிக்கை சரியாகும். ஆனால் நம்மை நேராகப் பார்க்கும் மடிப்பு முகட்டிலும் பூ ஒடுங்கிப் போகும், அங்கே அது முழு அகலத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, முகவரிப் படம் ஒன்றை உருவாக்குவது. சீலையின் ஒவ்வொரு பிக்சலும் துணியின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதைச் சிவப்பில் குறுக்காகவும் பச்சையில் நெடுக்காகவும் எழுதி வைக்கிறோம். நம் படத்தில் 12 மடிப்புகள் என்றால், ஒவ்வொன்றுக்கும் முகட்டுக்கோடும் பள்ளக்கோடும் கீறி ஓர் அடித் துணியைப் பங்கிட வேண்டும்: முகட்டில் துணி தாராளமாக விரியும், பக்கங்களில் நெருங்கும், உள்ளே மறைந்த பங்கு தாண்டப்படும். இந்தப் படம் 16 பிட்டில் இருப்பது அவசியம். 8 பிட்டில் 256 படிகளே இருப்பதால், 144 அங்குலத் துணியில் ஒவ்வொரு படியும் அரை அங்குலத்தைத் தாண்டி, கோடுகள் படிக்கட்டாக உடையும். இலவசமாகக் கிடைக்கும் Blender மென்பொருளின் Map UV இதை வாசித்துத் துணியைப் பொருத்தும். முதல் தடவை பொறுமை தேவைப்படும் வேலைதான். ஆனால் அதே அறைக்கு அடுத்த வடிவத்தை மாற்ற, துணிப் படத்தை மட்டும் மாற்றினால் போதும்.

இவ்விரண்டையும் பிரித்தறியக் குறுக்குக் கோடுள்ள துணி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கமரா இருந்த உயரத்துக்கு மேலே, முன்னே துருத்தும் முகட்டில் கோடு மேல்நோக்கி வளைய வேண்டும். கீழ்விளிம்பருகே கீழ்நோக்கி வளைய வேண்டும். கமரா மட்டத்தில் நேராக ஓட வேண்டும். Displace வெளிச்சத்தை மட்டுமே பார்ப்பதால், மேலும் கீழும் ஒரே பக்கமாகவே வளைக்கும்.

மூன்றாவது, சீலையைத் தெரிவுசெய்து புதிய வடிவத்தைக் கணினியே வரைந்து நிரப்பும் செயற்கை நுண்ணறிவு வழி. வேகத்தில் இதற்கு நிகரில்லை, மடிப்பும் அழகாக அமையும். ஆனால் மருதமுனைக் கைத்தறித் துணியின் கோட்டு வரிசையை மாதிரியாகக் கொடுத்தாலும், கோடுகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் மாறிவிடலாம். கடையில் இல்லாத துணியைக் காட்டி முற்பணம் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆகவே, நீலமா பச்சையா என்று நிறம் தேரும் முதற்கட்டத்துக்கு மட்டுமே இதைப் பயன்படுத்தலாம்.

வெறும் நிறத்துக்கும் அரை அங்குலப் பொட்டுகளுக்கும் Displace வழியே தாராளமாகப் போதும், ஏனெனில் மறைந்த பொட்டை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பெரிய பூவும் அகலக் கோடும் வந்தால் முகவரிப் படத்துக்கு உழைக்கத்தான் வேண்டும். இரண்டுக்கும் பொதுவான எல்லை ஒன்று உண்டு: பழைய சீலையிலேயே கடும் நிறத்தில் பூ அச்சிட்டிருந்தால், நிழலோடு அந்தப் பூவும் சேர்ந்து வரும், அதை மங்கலாக்கி அழித்தால் மடிப்பின் கூரும் போய்விடும். அத்தகைய வீட்டுக்கு, வெளிர் நிற வெறுஞ் சீலையைத் தற்காலிகமாகத் தொங்கவிட்டுப் படத்தை மீண்டும் எடுப்பதே குறைந்த வேலை.