சென்னை–மதுரை விமானமும் வெப் செக்-இன் பாடும்

லண்டனிலிருந்து சென்னை வரைக்குமான நீண்ட விமானத்தில் எனக்குப் பெரிய தொல்லை எதுவும் வருவதில்லை. அதற்கு டிக்கெட்டை விமான நிறுவனத்திடமே நேரடியாக எடுத்துவிடுவேன். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் குட்டி விமானம்தான் ஒவ்வொரு தடவையும் ஏதாவது பாடு படுத்துகிறது. இந்த முறை அந்த டிக்கெட்டை ஒரு பயண முன்பதிவுத் தளத்தில் எடுத்திருந்தோம். வெளிநாட்டு அட்டையில் பணம் கட்ட அங்கே வசதியாக இருந்தது, விலையும் கொஞ்சம் குறைவு. எனக்கும் மனைவிக்கும், எங்களை அழைத்துப் போக மதுரையிலிருந்து வந்திருந்த அப்பாவுக்கும் சேர்த்து ஒரே முன்பதிவு.

இந்தியாவில் உள்நாட்டு விமானங்களுக்கு வெப் செக்-இன் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்கு முன்பே திறந்துவிடும். இண்டிகோவில் அப்படித்தான், புறப்பட 60 நிமிடம் இருக்கும்போது மூடிவிடுவார்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் போன்றவற்றில் 24 மணி நேரத்துக்கு முன்புதான் திறக்கும். அதே பழக்கத்தில் இருப்பவர்கள் உள்நாட்டு விமானத்துக்கும் முந்தின நாள்வரை காத்திருப்பார்கள். அதில் பெரிய நஷ்டம் இல்லை, முன்பதிவில் கோளாறு இருந்தால் அதைச் சரிசெய்யக் கிடைக்கும் ஒரு நாள் போய்விடும், அவ்வளவுதான். பிறகு தெரிந்தது, அந்த ஒரு நாள்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது என்று.

தாம்பரத்தில் அக்கா வீட்டில் உட்கார்ந்து, பயணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே செக்-இன் பக்கத்தைத் திறந்தேன். தளம் அனுப்பிய மின்னஞ்சலின் தலைப்பில் பெரிய எழுத்தில் ஒரு முன்பதிவு எண் இருந்தது. அதைப் போட்டால் ‘அப்படி ஒரு முன்பதிவே இல்லை’ என்று வந்தது. அந்த எண் தளத்தின் சொந்தக் கணக்குக்கானது, விமான நிறுவனத்துக்கு அதைத் தெரியவே தெரியாது. விமான நிறுவனத்தின் பிஎன்ஆர் என்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஆறெழுத்துக் குறியீடு. நம் மின்னஞ்சலில் அது எங்கோ கீழே, பயண விவரத்துக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும். சில தளங்கள் இடையில் இன்னொரு மொத்த விற்பனையாளரிடம் வாங்கி விற்பதால், அந்த ஆறு எழுத்து வந்து சேரவே சில மணி நேரம் ஆகும். பணம் பிடித்துவிட்டார்கள், பிஎன்ஆர் மட்டும் வரவில்லை என்றால் டிக்கெட் இன்னும் போடப்படாமல் இருக்கலாம். உடனே தளத்தைக் கேட்க வேண்டிய நிலை அது.

எங்களுக்கு ஆறு எழுத்து கிடைத்தது. ஆனால் செக்-இன் பக்கம் கூடவே மின்னஞ்சல் முகவரியையோ குடும்பப் பெயரையோ கேட்கிறது. என் முகவரியைப் போட்டேன், ஏற்கவில்லை. அந்த முன்பதிவில் விமான நிறுவனத்திடம் பதிவாகியிருந்தது என் முகவரி இல்லை, தளத்தின் முகவரி. சரி, குடும்பப் பெயர். இங்கேதான் நம் ஆட்களுக்குக் கூடுதல் தொல்லை. அப்பாவின் ஆதாரில் ஒரே பெயர்தான், முன்னால் ஓர் இனிஷியல். தளத்தின் படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் போகவே விடாது. அதனால் அதன் குறிப்பில் சொன்னபடி அதே பெயரையே இரண்டு கட்டத்திலும் போட்டிருந்தோம். விமான நிறுவனத்தின் பக்கத்திலோ முதல் பெயரின் வாலில் MR என்ற மரியாதை ஒட்டும் சேர்ந்து MURUGESANMR என்று நின்றது. இது பல முன்பதிவுகளில் நடப்பதுதான், கவுன்டரில் பொதுவாக இதற்காகத் திருப்பி அனுப்புவதில்லை. என் குடும்பப் பெயரைப் போட்டதும் பக்கம் திறந்துவிட்டது.

திறந்த பிறகுதான் உண்மையான விஷயம் தெரிந்தது. எங்களிடம் இருந்த டிக்கெட்டில் புறப்பாடு 14:20. விமான நிறுவனத்தின் பக்கத்திலோ 13:40 என்று இருந்தது. நேரத்தை மாற்றி, அந்தத் தகவலையும் பதிவில் இருந்த முகவரிக்கே, அதாவது தளத்துக்கே, அனுப்பியிருக்கிறார்கள். அது எங்களுக்கு வந்து சேரவில்லை. நாற்பது நிமிடம்தானே என்று தோன்றும். ஆனால் விமான நிலையத்தில் எல்லாக் கெடுவும் புறப்பாட்டு நேரத்திலிருந்துதான் பின்னோக்கி எண்ணப்படுகிறது. கவுன்டர் 60 நிமிடம் முன்பு மூடும், அதாவது 13:20-க்குப் பதில் 12:40. கேட் 25 நிமிடம் முன்பு மூடும், ஆகவே 13:15. பழைய நேரத்தை நம்பி ஒரு மணிக்குப் போய் நின்றிருந்தால், எங்கள் கணக்கில் இருபது நிமிடம் சீக்கிரம், அவர்கள் கணக்கில் இருபது நிமிடம் தாமதம்.

இந்த 60 நிமிடத்தைப் பிடிவாதம் என்று நினைப்பவர்கள் உண்டு. கவுன்டர் மூடியதும்தான் எத்தனை பேர், எத்தனை பெட்டி, மொத்த எடை என்ன என்ற கணக்கை முடிக்கிறார்கள். மதுரைக்கு ஏடிஆர் போன்ற சிறிய விமானங்களும் பறக்கின்றன. அவற்றில் சரக்கு எங்கே வைக்கிறார்கள், ஆட்கள் எங்கே உட்காருகிறார்கள் என்பதெல்லாம் சமநிலையில் சட்டென்று தெரியும். வரிசையில் நிற்பதும் செல்லாது, கவுன்டர்க்காரர் பெட்டியை ஏற்றால்தான் கணக்கு. வீட்டிலேயே போர்டிங் பாஸ் எடுத்துவிட்டாலும், பெட்டி போட இருந்தால் அதே 60 நிமிடம்தான்.

அடுத்து எடை. நாங்கள் லண்டனிலிருந்து கொண்டுவந்தது தலைக்கு இரண்டு பெட்டி. மதுரை டிக்கெட் தனி முன்பதிவு என்பதால் அந்தச் சலுகை இங்கே தொடராது, சாதாரண உள்நாட்டு டிக்கெட்டில் ஓர் ஆளுக்கு 15 கிலோதான். கூடுதல் எடைக்கு முன்கூட்டியே பணம் கட்டினால் விமான நிலையத்தில் கட்டுவதைவிடக் குறைவு. ஆனால் அதை விமான நிறுவனத்தின் பக்கத்தில் கட்டவும் அந்த ஆறு எழுத்து வேண்டும். விமான நிலையத்தில் என்றால் கவுன்டரில் எடை போட்டு, பணம் கட்ட வேறொரு இடத்துக்கு அனுப்பி, ரசீதோடு திரும்பி வரச் சொல்வார்கள். கெடு நெருங்கும்போது அந்த நடையே ஆளைக் கொல்லும். நாங்கள் வீட்டிலிருந்தே கட்டிவிட்டோம்.

அன்று எங்கள் பக்கத்து வரிசையில் ஒரு குடும்பம் தளத்தின் எண்ணைக் கைபேசியில் காட்டிக்கொண்டு நின்றது. கவுன்டரில் இருந்த பெண், “சார், இது உங்க ஏஜென்ட் நம்பர். எங்க பிஎன்ஆர் கொடுங்க” என்றார். குடும்பத் தலைவர் மின்னஞ்சலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தார். “அம்மா, ஆதார்ல இருக்கற பேரை வெச்சுப் பாருங்களேன்” என்று அவர் மனைவி சொன்னதும் ஒருவழியாகக் கிடைத்தது. பின்னால் நின்றவர்களின் முகத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

நேரம் மாறியதால் எங்களுக்கு வேறு விமானம் வேண்டும் என்று தோன்றியிருந்தால் கதை இன்னும் நீண்டிருக்கும். டிக்கெட் விற்றவர் தளம் என்பதால், பணம் திரும்பப் பெறுவது, பெயர் திருத்துவது போன்றவற்றுக்கு விமான நிறுவனம் பெரும்பாலும் தளத்திடமே அனுப்பும். தளமோ விமான நிறுவனத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சேவைக் கட்டணமும் கேட்கலாம். நாங்கள் செய்தது ஒன்றே ஒன்று. அப்பா மதுரையிலிருந்து மறுபடி சென்னைக்குப் போகும் பயணமும் அதே தளத்தில்தான் எடுத்திருந்தது. விமான நிறுவனத்தின் பக்கத்தில் அந்த பிஎன்ஆரைத் திறந்து, தொடர்பு விவரத்தில் தளத்தின் முகவரியை எடுத்துவிட்டு அப்பாவின் கைபேசி எண்ணைப் போட்டோம். பக்கம் ஏற்றுக்கொண்டது. அடுத்த வாரம் கேட் மாறிய குறுஞ்செய்தி அவருக்கே நேராக வந்தது, “என்னடா, எனக்கு நேரா மெசேஜ் வருது” என்று எனக்கு அனுப்பிவைத்தார்.