ரோட்டாவா, நோரோவா? பெயர் எங்கே உதவும், எங்கே உதவாது

ஒரே நாள் மாலை, அரை மணி நேர இடைவெளியில் இரண்டு குழந்தைகள் வார்டுக்கு வந்தார்கள். ஒன்று பதினொரு மாதப் பையன், இன்னொன்று மூன்றரை வயதுப் பெண். இரண்டு பேருக்கும் வாந்தி, பேதி. இரண்டு அம்மாக்களும் முதலில் கேட்ட கேள்வியும் ஒன்றுதான்: "இது என்ன வைரஸ் சிஸ்டர்?"

குழந்தைகள் வார்டில் பல வருடமாகச் செவிலியர் வேலை பார்த்த பழக்கத்தில் ஒன்று சொல்வேன். அந்தக் கேள்வி நல்ல கேள்விதான், ஆனால் அன்று ராத்திரிக்கான கேள்வி இல்லை.

பெண் குழந்தையின் கதை இது. முந்தின நாள் மதியம் உறவுக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் சாப்பாடு. மறுநாள் விடியற்காலையில் திடீரென்று வாந்தி. மாலைக்குள் ஒன்பது தடவை எடுத்துவிட்டாள். பேதி இரண்டே தடவைதான். உடம்பு லேசாகச் சுட்டது. கூட வந்த தாத்தா நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார், அவருக்கும் மத்தியானத்திலிருந்து அதே கதை. விழாவுக்குப் போன இன்னொரு வீட்டிலும் இரண்டு பேர் படுத்திருப்பதாக ஃபோனில் சேதி வந்தது. இது நோரோ வைரஸின் கையெழுத்து. வைரஸ் உள்ளே போய் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும். வாந்திதான் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் இரைப்பையில் இருப்பது கீழே இறங்கத் தாமதமாகிறது. குழந்தை, பெரியவர் என்று வயசு பார்க்காது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாளில் அடங்கிவிடும்.

பையனின் கதை வேறு மாதிரி. முதல் நாள் காய்ச்சலும் வாந்தியும். பல் முளைக்கிறது என்று பாட்டி சொல்லியிருக்கிறார். மறுநாள் பக்கத்து ஊருக்குத் தூக்கிப்போய் தொக்கம் எடுத்தார்கள். வாந்தி குறைந்தது, அதனால் தொக்கத்துக்கு நல்ல பெயர். ஆனால் இது ரோட்டா வைரஸின் சாயல். ரோட்டாவில் வாந்தி எப்படியும் இரண்டாம் நாளில் குறையும், அதன் பிறகுதான் பேதி பிடிக்கும். மூன்றாம் நாள் தண்ணீராகப் பன்னிரண்டு தடவை போயிருக்கிறான். வீட்டில் வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. பெரியவர்கள் சின்ன வயதிலேயே ரோட்டாவைப் பலமுறை கண்டு தேறியவர்கள். கடுமையாக வாங்கிக்கட்டிக்கொள்வது பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை உள்ளவர்கள்தான். இந்த வைரஸ் சிறுகுடலின் உறிஞ்சு முனைகளைத் தின்றுவிடுகிறது. போதாதற்கு அது சுரக்கும் ஒரு புரதம் குடலை நீர் சுரக்க வைக்கிறது. உறிஞ்சுவது குறைந்து சுரப்பது கூடினால் பேதி ஒரு வாரம்கூட இழுக்கும்.

இப்படிக் கதையை வைத்து ஊகிக்கலாமே தவிர, சத்தியம் பண்ண முடியாது. பேதியே முன்னால் நிற்கிற நோரோவையும், இரண்டே நாளில் போய்விட்ட ரோட்டாவையும் பார்த்திருக்கிறேன். மலத்தில் ரோட்டாவைச் சில நிமிடத்தில் காட்டும் சோதனை அட்டை உண்டு, நோரோவுக்குப் பிசிஆர் உண்டு. எந்த முடிவு வந்தாலும் கொடுக்கிற மருந்து மாறாது. இரண்டுக்கும் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, பேதியைக் கட்டும் மாத்திரை குழந்தைக்கு ஆபத்து. மலத்தில் ரத்தம் இருந்தால் மட்டும் இந்த இரண்டையும் மறந்துவிட்டு வேறு காரணம் தேட வேண்டும்.

அப்படியானால் அன்று ராத்திரிக்கான கேள்வி எது? குழந்தையின் உடம்பில் தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி நாங்கள் பார்ப்பது நான்கே விஷயம்: குழந்தை இருக்கிற நிலை, கண், தாகம், தோல்.

பெண் குழந்தை சோர்ந்திருந்தாலும் என் அடையாள அட்டையைப் பிடித்து இழுத்தாள். அழுதபோது கண்ணீர் வந்தது. தண்ணீர் கொடுத்தால் சாதாரணமாகக் குடித்தாள். ஒன்பது வாந்தி எடுத்தும் நீரிழப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. பையன் மடியில் நிலைகொள்ளாமல் நெளிந்து சிணுங்கினான். கண் குழி விழுந்திருந்தது. அம்மாவிடம் "எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை விடக்கூடாது, சில குழந்தைகளுக்குக் கண் இயல்பிலேயே உள்ளடங்கி இருக்கும். பாலாடையில் ஓ.ஆர்.எஸ். கொடுத்ததும் அதை எட்டிப் பிடித்து, எடுக்க விடாமல் குடித்தான். "நல்லாக் குடிக்கிறான், பரவாயில்லை" என்று அப்பா முகம் மலர்ந்தது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பாய்ந்து பாய்ந்து குடிப்பது தேறியதற்கு அடையாளம் இல்லை, தண்ணீர் குறைந்ததற்கு அடையாளம். அதற்கும் அடுத்த கட்டம் இன்னும் மோசம்: குடிக்கவே தெம்பில்லாமல், கூப்பிட்டால் விழிக்காமல் கிடக்கும்.

தோலைக் கிள்ளிப் பார்ப்பதற்கும் முறை உண்டு. தொப்புளுக்கும் விலாப் பக்கத்துக்கும் நடுவில், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலைத் தூக்கி, மடிப்பு உடம்பின் நீளவாக்கில் இருக்கும்படி ஒரு வினாடி பிடித்து விட வேண்டும். உடனே படிந்தால் சரி. மெதுவாகப் படிந்தால் ஓரளவு நீரிழப்பு. இரண்டு வினாடியோ அதற்கு மேலோ மடிப்பு அப்படியே நின்றால் கடுமை. பையனுக்கு மெதுவாகத்தான் படிந்தது. ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பக்கூடாது. கொழுகொழு குழந்தையில் கொழுப்பு மறைத்துவிடும். சத்துக்குறைவால் மெலிந்த குழந்தையில் நீரிழப்பே இல்லாமலும் தோல் தாமதமாகப் படியும். அதனால்தான் நான்கில் இரண்டாவது ஒத்துப்போனால் முடிவெடுக்கிறோம்.

மூத்திரம் போனானா என்று கேட்டால் "டயப்பர் நனைந்துதான் இருந்தது" என்பார்கள். தண்ணீரான பேதியும் அப்படித்தான் நனைக்கும். இந்த ஒரு குழப்பத்தால் ஒரு நாள் தாமதமாக வந்த குழந்தைகள் உண்டு. பேதி நேரத்தில் டயப்பரைக் கழற்றிவிட்டுத் துணி விரித்துப் படுக்கவைத்தால் எது எது என்று தெரியும்.

அதிர்ஷ்டம், பையனின் தடுப்பூசி அட்டையில் பத்து நாள் முந்தின எடை இருந்தது: 8 கிலோ. எங்கள் தராசில் 7.5. அரைக் கிலோ, அதாவது ஆறு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஐந்துக்கும் பத்துக்கும் இடையில் இருந்தால் ஓரளவு நீரிழப்பு, பத்தைத் தாண்டினால் கடுமை. அடையாளங்களும் எடையும் ஒன்றையே சொல்லின.

ஓரளவு நீரிழப்புக்குக் கணக்கு, இப்போதைய எடையில் கிலோவுக்கு 75 மில்லி ஓ.ஆர்.எஸ்., நான்கு மணி நேரத்தில். 7.5 கிலோவுக்குச் சுமார் 560 மில்லி. கேட்டதும் மலைப்பாக இருக்கும். மணிக்கு 140 மில்லி என்று பிரித்து, 5 மில்லி மருந்துக் கரண்டியால் பார்த்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி, அவ்வளவுதான். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடரலாம். பாட்டில் நிறையக் கொடுத்தால் மொத்தமும் வெளியே வரும், கரண்டியில் கொடுத்தது நிற்கும். குடல் முனைகள் பாதி அழிந்த பின்னும் உப்பையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே இழுக்கும் வாசல் மிச்சம் இருக்கிறது. தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகிறது. ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு ஏறி நிலைமை மோசமாகும். கடையில் கிடைக்கும் இனிப்புப் பானங்கள் பேதியைக் கூட்டும்.

பையனின் அம்மா கரண்டியும் கையுமாக உட்கார்ந்தார். நடுநடுவே தாய்ப்பாலும் கொடுத்தார். நான்கு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது தோல் சட்டென்று படிந்தது, பையன் மடியில் தூங்கிப்போயிருந்தான். பேதி நிற்கவில்லை, அது நிற்க இன்னும் நாள் ஆகும். வீட்டுக்குப் போனதும் ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மில்லி, அதோடு ஜிங்க் தினம் 20 மில்லிகிராம் வீதம் 14 நாள். மூன்றரை வயதுக்காரிக்கு ஒவ்வொரு பேதிக்கும் 100 முதல் 200 மில்லி என்று சொல்லி, ஜிங்க்கும் கொடுத்து அனுப்பிவிட்டோம். மறுநாள் மாலை இட்லி கேட்டாளாம். கூப்பிட்டாலும் விழிக்காத குழந்தையாக இருந்திருந்தால் கரண்டிக்கு வேலை இல்லை, நேராக நரம்பு வழி திரவம்தான்.

சரி, வைரஸின் பெயர் எங்கே உதவும்? வீட்டைச் சுத்தம் பண்ணும்போது உதவும். நோரோவுக்குச் சானிடைசர் சரிப்பட்டு வராது, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாந்தி விழுந்த இடத்தைத் துடைத்தபின் ப்ளீச் கரைசல் தேவை. 5 சதவீத ப்ளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஐம்பது பங்கு, சில நிமிடம் ஊறவிட வேண்டும். தேறியவர் மலத்தில் வைரஸ் இரண்டு வாரமோ மேலேயோ வெளியேறும் என்பதால் தாத்தா கொஞ்ச நாள் சமையல் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

இன்னொரு இடம் தடுப்பு மருந்து. நோரோவுக்குப் பயன்பாட்டில் எதுவும் இல்லை. ரோட்டாவுக்கு இருக்கிறது, அரசுத் திட்டத்தில் 6, 10, 14 வாரங்களில் வாய் வழியாக இலவசம். 2016-ல் நான்கு மாநிலங்களில் ஆரம்பித்து, 2017-ல் தமிழ்நாட்டுக்கு வந்து, 2019-ல் நாடு முழுக்கப் பரவியது.

"அதான் போட்டோமே, அப்புறம் ஏன் வந்தது?" என்று பையனின் அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் நடந்த, ரோட்டாவாக் என்ற சொட்டு மருந்தின் ஆய்வில், முதல் வயதில் கடுமையான ரோட்டா பேதி சுமார் 56 சதவீதம் குறைந்தது. பணக்கார நாடுகளில் இதே வகை மருந்துகள் 85-க்கு மேல் காக்கின்றன. மருந்தில் கோளாறு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வேலூரில் பிறந்ததிலிருந்து மூன்று வருடம் பின்தொடர்ந்த குழந்தைகளில், உண்மையான ரோட்டாவே மூன்று தடவை வந்த பிறகும் மிதமான, கடுமையான பேதியிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதம்தான். மெக்சிகோவில் இரண்டு தடவை வந்த குழந்தைகளுக்குக் கிட்டத்தட்ட முழுப் பாதுகாப்பு இருந்தது. நிஜ வைரஸே இங்கே இவ்வளவுதான் கற்றுக்கொடுக்கிறது என்றால், சொட்டு மருந்தை மட்டும் குறை சொல்ல முடியாது. சொட்டு மருந்து பேதியே வராது என்று வாக்குக் கொடுப்பதில்லை. வந்தால் கடுமையாகாமல் இருக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அமெரிக்காவில் வந்த முதல் ரோட்டா மருந்து, குடலின் ஒரு துண்டு இன்னொன்றுக்குள் சொருகிக்கொள்ளும் சிக்கலால் 1999-ல் திரும்பப் பெறப்பட்டது. இப்போதைய மருந்துகளை இந்தியாவில் கண்காணித்துப் பார்த்ததில் அந்த அபாயம் கூடியதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே அந்தச் சிக்கல் வந்த குழந்தைக்குக் கொடுப்பதில்லை. சொட்டு போட்ட சில நாளில் விட்டுவிட்டுக் காலை மடக்கி வீரிட்டு அழுது, பச்சை வாந்தியோ சிவப்பு ஜெல்லி போன்ற மலமோ வந்தால், அதைப் பேதி என்று நினைத்து வீட்டில் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே தூக்கி வர வேண்டும்.

கிளம்பும்போது பையனின் பாட்டி அந்த 5 மில்லி கரண்டியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பெட்டியிலிருந்து இரண்டாக எடுத்துக் கொடுத்தேன்.