ஆறு மாதம் தாண்டியும் கொட்டும் முடி: எண்ணிப் பார்ப்பதா, வெட்டிப் பார்ப்பதா?

திருகோணமலை உப்புவெளியில் 42 வயதுப் பெண் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மார்கழி மழையோடு டெங்குக் காய்ச்சல் வந்தது. பங்குனியில் முடி கொட்டத் தொடங்கியது. காய்ச்சலில் ஓய்வுக்குப் போன மயிர்க்கால்கள் இரண்டு, மூன்று மாதம் கழித்துத்தான் முடியைக் கைவிடும் என்பதால் அதுவரை கணக்குச் சரி. அப்படிக் கொட்டுவது ஆறு மாதத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும். இப்போது கார்த்திகையும் வந்துவிட்டது, இன்னும் முழுகும்போதெல்லாம் கைநிறைய வருகிறது. முன்பக்கம் வகிடு அகலவில்லை, மற்றவர் கண்ணுக்கு அடர்த்தி குறைந்ததாகவும் தெரியவில்லை.

இந்த நிலையில் வைத்தியர் முன் இரண்டு சந்தேகங்கள் நிற்கும். ஒன்று நாட்பட்ட டெலோஜன் எஃப்ளூவியம், அதாவது ஓய்வுக்குப் போன முடி நீண்ட காலம் உதிர்ந்துகொண்டேயிருக்கும் நிலை. இதில் மயிர்க்கால் சுருங்குவதில்லை. கூடியும் குறைந்தும் வருடக்கணக்கில் இழுக்கலாம், ஆனால் வழுக்கையில் போய் முடியாது. மற்றது பெண்களுக்கு வரும் பரம்பரை வகை முடி இழப்பின் தொடக்கம். இதில் தடித்த முடி மெல்ல மெல்லிய பூனைமுடியாக மாறும், வகிடு விரியும், மினொக்சிடில் போன்ற மருந்தைத் தொடங்கினால் நிறுத்தாமல் பாவிக்க வேண்டிவரும். தொடக்கத்தில் இரண்டும் ஒரே முறைப்பாட்டோடுதான் வரும். வெறுங்கண்ணால் பிரிப்பது கடினம்.

அதற்கு முன் விழுந்த முடியையே பாருங்கள். ஒரு நுனியில் குண்டூசித் தலைபோல வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. இரண்டு நுனியிலும் குமிழ் இல்லாவிட்டால் அது முறிந்தது. கடற்கரைப் பக்கம் எல்லாரும் கிணற்று உப்புத் தண்ணீரைத்தான் குற்றம் சொல்வார்கள். தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், முறியவும் வைக்கலாம். ஆனால் வெள்ளைக் குமிழோடு விழும் முடிக்குக் கிணறு பொறுப்பில்லை.

இரத்தப் பரிசோதனை இந்த இரண்டையும் பிரிக்காது. கொட்டலைத் தூண்டிக்கொண்டிருக்கும் வேறு காரணம் இருக்கிறதா என்று தேடுவதே அதன் வேலை. முழு இரத்த எண்ணிக்கை, உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைரொயிட்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். மூன்றும் போதுமான தொடக்கம். மற்றவை அறிகுறி இருந்தால் மட்டும். ஃபெரிட்டின் 30க்குக் கீழே என்றால் இரும்புக் குறைபாடு என்று எடுக்கலாம். முடிக்கு 40 வேண்டுமா, 70 வேண்டுமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. காய்ச்சல் அல்லது அழற்சி இருக்கும் நேரத்தில் எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும், குறைபாடு மறைந்துவிடும். சிவப்பணு சிறுத்திருக்க ஃபெரிட்டின் நன்றாக இருந்தால் பரம்பரையாக வரும் தலசீமியா என்ற இரத்தக் கோளாற்றின் கூறு இருக்கலாம், அதற்கு இரும்பு மாத்திரை கொடுத்துப் பயனில்லை. இன்னொரு பொறி, முடிக்கென்று கடையில் வாங்கிப் போடும் பயோட்டின். சில ஆய்வுக் கருவிகளில் அது டி.எஸ்.எச்.ஐ உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும், தைரொயிட் கூடிவிட்டதென்று தவறாக நினைக்க வைக்கும். குறைந்தது இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு இரத்தம் கொடுக்க வேண்டும், பெரிய அளவில் எடுப்பவர் இன்னும் கூடுதலாக. வல்ப்ரொயேட், லித்தியம், ப்ரொப்ரனலோல் போன்ற மாத்திரைகளையும், குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையை நிறுத்திய திகதியையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நம் உதாரணப் பெண்ணுக்கு இவை எல்லாம் சரியாக வந்தன என்று கொள்வோம். இனித்தான் உண்மையான போட்டி: விழும் முடியை எண்ணுவதா, தலைத்தோலை வெட்டிப் பார்ப்பதா?

எண்ணும் முறைக்குச் செலவே இல்லை. ஐந்து நாள் தலை முழுகக் கூடாது. ஐந்தாம் நாள் பேசினின் துவாரத்தைக் கோஸ் துணியால் மூடிவிட்டு, அதற்குள்ளேயே ஷாம்பு போட்டு அலச வேண்டும். துணியில் சேர்ந்த முடி முழுவதையும் காயவைத்து எண்ணி, 3 சென்ரிமீற்றரும் அதற்குக் குறைவானதும் எத்தனை என்று தனியாகப் பிரிக்க வேண்டும். நீளமானது தடித்த முடி, குட்டையானது சுருங்கிய மயிர்க்காலில் வந்தது என்பதே இதன் தருக்கம். மொத்தம் 100 அல்லது அதற்கு மேல், குட்டை முடி 10 சதவீதத்துக்குக் கீழ் என்றால் டெலோஜன் எஃப்ளூவியம். மொத்தம் 100க்குக் கீழ், குட்டை 10 சதவீதமோ கூடவோ என்றால் பரம்பரை வகை. மொத்தமும் கூடி, குட்டையும் கூடினால் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. இப்படிச் சேர்ந்து வருவது அபூர்வமில்லை.

அவருக்கு 228 முடி வந்தது, அதில் குட்டை 9. அதாவது 4 சதவீதம். சந்தேகம் பெருமளவு தீர்ந்தது. 82 முடியில் குட்டை 15 வந்திருந்தால், 18 சதவீதம், கதை வேறு.

இந்த முறை கெடும் இடம் இரண்டு. திருமலை வெயிலில் ஐந்து நாள் பொறுப்பது லேசில்லை. மூன்றாம் நாளே முழுகிவிட்டு ஐந்தாம் நாள் எண்ணினால் தொகை குறைந்து, கொட்டல் தணிந்துவிட்டதாகப் பொய்த் தோற்றம் தரும். அடுத்தது முறிந்த துண்டுகள். அவை குட்டையாக இருப்பதால் பூனைமுடி என்று எண்ணப்பட்டுவிடும். நுனி ஊசிபோல் ஒடுங்கினால் பூனைமுடி, மொட்டையாக வெட்டுப்பட்டதுபோல் இருந்தால் முறிந்தது. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வெட்டும் முறையில் உச்சந்தலையில் மரக்கச் செய்து 4 மில்லிமீற்றர் தோல் எடுப்பார்கள். மயிர்க்காலைக் குறுக்காக வெட்டினால்தான் எல்லாம் ஒரே தளத்தில் எண்ண வரும். நெடுக்காக வெட்டினால் சிலவே தெரியும், இந்தக் கேள்விக்கு அது உதவாது. ஆகவே வைத்தியர் ஆய்வுகூடத்துச் சீட்டிலேயே குறுக்கு வெட்டு என்று எழுதி அனுப்ப வேண்டும். தடித்த முடிக்கும் மெல்லிய முடிக்கும் உள்ள விகிதம் 8:1க்கு மேல் என்றால் டெலோஜன் எஃப்ளூவியம், 4:1க்குக் கீழ் என்றால் பரம்பரை வகை. 1996இல் தோல் வைத்திய நிபுணர் டேவிட் வைட்டிங் நாட்பட்ட டெலோஜன் எஃப்ளூவியத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டியது இத்தகைய எண்ணிக்கையின் மேல்தான்.

ஆனால் ஒரு துண்டில் இருப்பது சொற்பம். 27 மயிர்க்காலில் 3 மெல்லியது என்றால் 24:3, அதாவது 8:1. இன்னும் இரண்டை மெல்லியதாக எண்ணிவிட்டால் 22:5, கிட்டத்தட்ட 4:1. இரண்டே இரண்டு முடியில் முடிவு தலைகீழாகும் அளவுக்குப் போய்விடுகிறது. அதனால்தான் பக்கத்துப் பக்கத்தில் மூன்று துண்டு எடுப்பது நம்பகம் என்கிறார்கள். மூன்று துண்டு என்றால் மூன்று சிறு தழும்பும்தான்.

இடையில், தோலையும் முடியையும் பெருப்பித்துக் காட்டும் டெர்மொஸ்கோப் இருக்கிறது. தோல் வைத்திய நிபுணர் உச்சியையும் பிடரியையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். உச்சியில் முடியின் பருமன் 20 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டு, பிடரி சீராக இருந்தால் பரம்பரை வகைப் பக்கம் சாயும். எங்கும் ஒரே பருமனாக, நடுவே குட்டையான தடித்த புதுமுடி நிமிர்ந்து நின்றால் டெலோஜன் எஃப்ளூவியம். முடியைப் பிடித்து இழுக்கும் சோதனையும் உண்டு. ஏறத்தாழ 60 முடியைப் பிடித்து இழுத்தால் ஆறுக்கு மேல் கையோடு வருவது கொட்டல் நடப்பதற்கு அடையாளம். முந்தைய நாள் முழுகியிருந்தால் குறைவாக வரும், கொட்டல் தணிந்திருக்கும் வாரத்திலும் ஒன்றும் வராது. அதை மட்டும் நம்பி ஒன்றுமில்லை என்று அனுப்பக் கூடாது.

எங்கள் கணிப்பில் வரிசை இது: இரத்தம், டெர்மொஸ்கோப், பிறகு பேசினில் எண்ணிக்கை. மூன்றும் ஒரே பக்கம் சொன்னால் கத்தி தேவையில்லை. இரண்டு முரண்பட்டாலோ, தலைத்தோலில் துவாரமே தெரியாத வழுவழுப்பான இடம், எரிவு, செதில் இருந்தாலோ வெட்டலைத் தள்ளிப்போடக் கூடாது. தழும்பாக்கும் வகை முடி இழப்பு என்றால் காத்திருக்கும் மாதங்களில் போகும் முடி திரும்பி வராது.

228 வந்த பெண்ணுக்கு இப்போது செய்ய வேண்டியது வகிட்டை ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் படமெடுத்து வைப்பது. ஆறு மாதத்தில் திரும்பவும் ஐந்து நாள் முழுகாமலிருந்து எண்ண வேண்டும். மொத்தம் குறைந்ததா என்பதைவிட, அந்த 4 சதவீதம் 10ஐ நோக்கி ஏறியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.