வாரா ஐயக்கடன் ஒதுக்கு: மொத்தத்தில் 5% போடலாமா, பில்லின் வயதைப் பார்க்கலாமா?

திருநெல்வேலி டவுனில் பாத்திர மொத்தக்கடை வைத்திருக்கும் மாமா மார்ச் கணக்கு முடிக்கும்போது கேட்டது இது. வரவேண்டிய பாக்கி 4,00,000 ரூபாய், பாக்கி வராமல் போகலாம் என்று ஏற்கெனவே வைத்திருந்த பழைய ஒதுக்கு 15,000.

வேலை:
மொத்த சதவீதம்: ஒரே பெருக்கல், 5% என்றால் 20,000.
வயதுப் பிரிப்பு: ஒவ்வொரு பில்லையும் நாள்வாரியாகப் பிரிக்க அரை நாள் போகும்.

துல்லியம்:
மொத்த சதவீதம்: தென்காசிக்காரர் நேற்று வாங்கியதும், நாலு மாதமாகப் போனே எடுக்காதவர் பாக்கியும் ஒன்றுதான்.
வயதுப் பிரிப்பு: 30 நாளுக்குள் 2,40,000-க்கு 1%, 60 வரை 80,000-க்கு 5%, 90 வரை 40,000-க்கு 20%, அதற்கும் மேல் 40,000-க்கு 50%. கூட்டினால் 34,400.

இந்தச் சதவீதங்கள் மாமா கடையின் பழைய வசூலைப் பார்த்து நாங்கள் வைத்தவை, உங்கள் கடைக்கு வேறாக இருக்கும்.

இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். 34,400 முழுவதையும் செலவில் எழுதக்கூடாது, ஏற்கெனவே 15,000 இருப்பதால் வித்தியாசமான 19,400 மட்டும்தான் இலாப நட்டக் கணக்குக்குப் போகும் (மொத்த முறையில் இது வெறும் 5,000). புது ஒதுக்கு குறைவாக வந்தால் அந்த வித்தியாசம் வருமானமாகத் திரும்பும்.

இன்னொன்று, எந்தப் பில்லுக்கு என்று குறிக்காமல் 'ஆன் அக்கவுண்ட்' என்று வாங்கிய பணத்தைப் பில்லோடு சேர்க்காமல் விட்டால், கட்டி முடித்த பில்லும் பழைய பாக்கியாக நிற்கும், ஒதுக்கு ஊதிவிடும். ஒரே பெயரில் பழைய பில்லும் கழிக்காத வரவும் சேர்ந்து தெரிந்தால் அதுதான் அடையாளம்.

பத்து இருபது பேர், எல்லாரும் மாதாமாதம் கட்டுபவர்கள் என்றால் மொத்த சதவீதமே போதும். மாமாவுக்கு வயதுப் பிரிப்புதான், அந்த 90 நாள் தாண்டிய 40,000-ஐ முதலில் பார்த்துவிட்டு.